வங்கியில் விழுந்தது 18,000, வருமானம் 20,000

பங்குகளுக்கு நிறுவனம் அறிவிக்கும் டிவிடெண்ட், அதாவது ஈவுத்தொகை, பல நேரங்களில் முழுதாகக் கைக்கு வருவதில்லை. ஒரு பகுதியை வருமான வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டிவிட்டு, மீதியைத்தான் நிறுவனம் பங்குதாரரின் வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறது. இந்தப் பிடித்தத்துக்கு ‘மூலத்தில் வரிப் பிடித்தம்’ என்று பெயர். பேச்சு வழக்கில் டிடிஎஸ். அப்படி வந்த பணத்தைக் கணக்கில் எழுதும்போது வங்கியில் விழுந்த தொகையையே வருமானம் என்று எழுதிவிடுவது இந்தியாவில் மிகப் பரவலாக நடக்கும் பிழை. வருமானம் என்பது பிடித்தத்துக்கு முந்தைய மொத்தத் தொகை. பிடிக்கப்பட்டது அரசிடம் இருக்கும் பங்குதாரரின் பணம்.

இந்தப் பிழைக்குப் பழைய பழக்கமும் ஒரு காரணம். 1997 ஜூன் முதல் இந்தியாவில் டிவிடெண்டுக்கான வரியை, ‘டிவிடெண்ட் பகிர்வு வரி’ என்ற பெயரில், நிறுவனமே செலுத்திவந்தது. 2002-03இல் மட்டும் ஓராண்டு இடைவெளி. மற்றபடி அந்த முறை 2020 மார்ச் 31 வரை நீடித்தது. அந்தக் காலத்தில் பெரும்பாலான பங்குதாரர்களுக்குக் கையில் வந்ததே முழுத் தொகை, அதற்கு வரியும் இல்லை. வங்கிப் புத்தகத்தைப் பார்த்து எழுதினாலே கணக்கு சரியாக இருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் அந்த வரி நீக்கப்பட்டு, டிவிடெண்ட் மறுபடியும் பங்குதாரரின் வருமானமாகிவிட்டது. அவரவர் வரி அடுக்குக்கு ஏற்ப வரி கட்ட வேண்டும். நிறுவனம் முன்கூட்டியே ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். சட்டம் மாறியும் எழுதும் பழக்கம் பலரிடம் மாறவில்லை.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194ஆம் பிரிவின்படி, இந்தியாவில் வசிப்பவருக்கு வழங்கும் டிவிடெண்டில் 10 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. நிறுவனத்திடம் பான் எண் இல்லையென்றால் 20 விழுக்காடு. தனிநபருக்கு மட்டும் ஒரு வரம்பு உண்டு: ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் வழங்கும் மொத்த டிவிடெண்ட் அந்த வரம்பைத் தாண்டாவிட்டால் பிடித்தம் இல்லை. 5,000 ரூபாயாக இருந்த அந்த வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் 10,000 ரூபாயாக உயர்ந்தது. இது பிடித்தத்துக்கான வரம்பு மட்டுமே, வரிவிலக்கு அல்ல. ஒரு நிறுவனம் 600 ரூபாய் கொடுத்து எதையும் பிடிக்காவிட்டாலும் அந்த 600 ரூபாய் வருமானமே. கணக்கில் வந்தாக வேண்டும். (2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடப்பில் இருக்கிறது, அதில் பிரிவு எண்கள் மாறியுள்ளன. இங்கே எடுத்துக்கொள்ளப்படும் 2025-26 நிதியாண்டுக்குப் பழைய சட்டமே பொருந்தும்.)

மொத்தத் தொகையை ஏன் எழுத வேண்டும் என்பதற்கான விடை அதே சட்டத்தின் அடுத்தடுத்த இரண்டு பிரிவுகளில் இருக்கிறது. பிடிக்கப்பட்ட வரியையும் பங்குதாரர் பெற்ற வருமானமாகவே கருத வேண்டும் என்கிறது 198ஆம் பிரிவு. பிடித்து அரசுக்குச் செலுத்திய தொகையைப் பங்குதாரரே கட்டிய வரியாகக் கருத வேண்டும் என்கிறது 199ஆம் பிரிவு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நடந்தது புரிந்துவிடும். முழு டிவிடெண்டும் பங்குதாரருக்கு வந்துவிட்டது. அதிலிருந்து ஒரு பகுதியை அவரே வரியாகக் கட்டிவிட்டார். நிறுவனம் அவர் சார்பில் அந்தப் பணத்தைக் கொண்டுபோய்ச் செலுத்தியது, அவ்வளவுதான். இரட்டைப் பதிவு முறையில் எழுதும் குறிப்பேட்டுப் பதிவு இந்த இரு பிரிவுகளின் நிழல் என்றே சொல்லலாம். 198ஆம் பிரிவு சொல்வது வரவுப் பக்கத்தில் மொத்த வருமானமாக நிற்கிறது. 199ஆம் பிரிவு சொல்வது பற்றுப் பக்கத்தில், அரசிடமிருந்து பெறவேண்டிய வரியாக நிற்கிறது.

ஒருவரிடம் ஒரு நிறுவனத்தின் 1,250 பங்குகள் இருப்பதாகக் கொள்வோம். 2025 ஆகஸ்டில் அந்நிறுவனம் முந்தைய ஆண்டுக்கான இறுதி டிவிடெண்டாகப் பங்கு ஒன்றுக்கு 6 ரூபாய் தருகிறது. மொத்தம் 7,500 ரூபாய். 10,000 ரூபாய் வரம்புக்குள் இருப்பதால் பிடித்தம் இல்லை. முழுத் தொகையும் வங்கிக்கு வருகிறது. பதிவும் எளிது:

வங்கி க/கு ப 7,500
டிவிடெண்ட் வருமானம் க/கு வ 7,500

சிக்கல் 2026 ஜனவரியில் வருகிறது. நிறுவனம் இடைக்கால டிவிடெண்டாகப் பங்குக்கு 10 ரூபாய் அறிவிக்கிறது. மொத்தம் 12,500 ரூபாய். இதில் 10 விழுக்காடு, அதாவது 1,250 போக 11,250 ரூபாய் வரும் என்று பங்குதாரர் எதிர்பார்க்கிறார். வங்கியில் விழுந்திருப்பதோ 10,500 ரூபாய்தான். 750 ரூபாய் குறைகிறது.

நிறுவனம் தவறு செய்துவிடவில்லை. ஆண்டின் மொத்த டிவிடெண்ட் 20,000 ரூபாயாகி வரம்பைத் தாண்டிவிட்டது. வரம்பு தாண்டிய ஆண்டில் தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் பிடித்தம் உண்டு. ஆகஸ்டில் பிடிக்காமல் விட்ட 750 ரூபாயையும் சேர்த்துப் பல நிறுவனங்கள் அடுத்த டிவிடெண்டிலேயே பிடித்துவிடுகின்றன. ஆக 20,000 ரூபாய்க்கான 2,000 ரூபாயும் ஜனவரித் தொகையிலிருந்தே போய்விட்டது. ஜனவரிக்கான பதிவு இப்படி அமையும்:

வங்கி க/கு ப 10,500
பெறவேண்டிய டிடிஎஸ் க/கு ப 2,000
டிவிடெண்ட் வருமானம் க/கு வ 12,500

வங்கியில் வந்ததை வைத்து மொத்தத்தைக் கணக்கிட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். பத்து விழுக்காடு போக மீதி தொண்ணூறு என்பதால் வந்த தொகையை 0.9ஆல் வகுப்பது வழக்கம். இந்தக் கணக்கில் அப்படி வகுத்தால் 11,667 ரூபாய் வரும். அது 12,500 அல்ல. பான் எண் பதிவாகாமல் 20 விழுக்காடு பிடித்திருந்தாலும் இதே போலத் தப்பான விடைதான் கிடைக்கும். மொத்தத்தைக் கண்டறிய நம்பகமான வழி பெருக்கல்தான்: பதிவுத் தேதியன்று கணக்கில் இருந்த பங்குகளின் எண்ணிக்கையைப் பங்கு ஒன்றுக்கான டிவிடெண்டால் பெருக்க வேண்டும். வந்த விடைக்கும் வங்கியில் விழுந்ததற்கும் உள்ள வேறுபாடு டிடிஎஸ். அறிவிப்பு விழுக்காட்டில் இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த விழுக்காடு பங்கின் சந்தை விலைக்கு அல்ல, முகமதிப்புக்கு உரியது. 2 ரூபாய் முகமதிப்புள்ள பங்குக்கு 500 விழுக்காடு என்றால் பங்குக்கு 10 ரூபாய்.

பெருக்கி எடுத்ததைச் சரிபார்க்க மூன்று ஆவணங்கள் உண்டு. முதலாவது, நிறுவனத்தின் பங்குப் பதிவாளர் மின்னஞ்சலில் அனுப்பும் டிவிடெண்ட் அறிவிப்பு. மொத்தம், பிடித்தம், நிகரம் மூன்றும் அதில் தனித்தனியாக இருக்கும். பழைய டிவிடெண்டுக்கான பிடித்தம் சேர்ந்திருந்தால் அதுவும் தெரியவரும். இரண்டாவது, வருமான வரித் தளத்தில் பார்க்கக்கூடிய படிவம் 26ஏஎஸ். எந்த நிறுவனம் எவ்வளவு வழங்கியதாகச் சொல்லி எவ்வளவு பிடித்துக் கட்டியது என்ற விவரம் அதில் வரும். மூன்றாவது, ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கை. பிடித்தமே இல்லாத சிறு டிவிடெண்டுகளும் இதில் தென்படுவதுண்டு. எடுத்த எடுப்பில் 26ஏஎஸ்-ஐ நம்பிக் கணக்கு எழுதுவது சரியல்ல. நிறுவனங்கள் பிடித்தம் பற்றிய அறிக்கையைக் காலாண்டுக்கு ஒருமுறைதான் தாக்கல் செய்கின்றன. ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டுக்கு மே 31 வரை அவகாசம் உண்டு. ஆகவே ஜனவரியில் பிடித்த 2,000 ரூபாய் ஏப்ரல் மாதத்தில் அங்கே காணவில்லை என்றால் பதற வேண்டியதில்லை. ஜூனிலும் காணவில்லை என்றால் நிறுவனத்துக்கோ பங்குப் பதிவாளருக்கோ எழுதிக் கேட்க வேண்டும். பான் எண்ணில் ஓர் எழுத்து தப்பியிருந்தால் வரி வேறொருவர் பெயரில் போய் நிற்கும். நிறுவனம் தன் அறிக்கையைத் திருத்தினால்தான் அது உரியவருக்கு வரும்.

நிகரத் தொகையை எழுதுவதால் உண்மையில் எவ்வளவு நட்டம்? இதே பங்குதாரர் 20 விழுக்காட்டு வரி அடுக்கில் இருப்பதாக வைத்துக்கொண்டால் விடை தெளிவாகும். மேல்வரியோடு அவர் கட்டவேண்டிய விகிதம் 20.8 விழுக்காடு. சரியாக எழுதினால் 20,000 ரூபாய்க்கு வரி 4,160 ரூபாய். ஏற்கெனவே பிடித்த 2,000 கழிந்து, அவர் மேற்கொண்டு கட்ட வேண்டியது 2,160 ரூபாய். வங்கியில் வந்த 18,000 ரூபாயை மட்டும் வருமானமாகக் காட்டி, பிடித்தத்தை மறந்தேவிட்டால் வரி 3,744 ரூபாய். குறைவாகத் தெரிகிறது. ஆனால் அந்த 3,744ஐயும் கைப்பணத்திலிருந்து கட்டுகிறார். அரசிடம் கிடக்கும் 2,000ஐயும் கேட்காமல் விடுகிறார். ஆக அவருடைய டிவிடெண்டிலிருந்து அரசுக்குப் போனது 5,744 ரூபாய். கட்ட வேண்டியதைவிட 1,584 ரூபாய் அதிகம்.

எதிர்த்திசையிலும் பிழை நடக்கிறது. வருமானத்தை 18,000 என்று குறைத்துக் காட்டிவிட்டு, 26ஏஎஸ்-இல் இருக்கும் 2,000 ரூபாய்க்கு முழு வரவும் கேட்பது அது. இப்படிச் செய்தால் வரி 416 ரூபாய் குறையும். ஆனால் நிறுவனம் துறைக்குக் கொடுத்த அறிக்கையில் மொத்தம் 20,000 என்று இருக்கும். இரண்டும் பொருந்தாததைத் துறையின் கணினியே கண்டுபிடித்துவிடும். முழு வருமானத்தையும் காட்டாதவருக்குப் பிடித்தத்தில் முழு வரவும் கிடைக்க வேண்டியதில்லை. 416 ரூபாய்க்காக விளக்கக் கடிதம் எழுதும் நிலை வரும்.

வரியே கட்ட வேண்டாதவருக்கு இந்தப் பதிவு இன்னும் முக்கியம். புதிய வரித் திட்டத்தில் 2025-26ஆம் ஆண்டில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ள, இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்குச் சாதாரண விகித வருமானத்தின் மேல் வரித் தள்ளுபடி கிடைக்கிறது. டிவிடெண்டும் அந்தச் சாதாரண விகிதத்துக்குள் வருவதுதான். அவருக்கு 2,000 ரூபாயும் திரும்பக் கிடைக்க வேண்டும். கணக்கில் அது பெறவேண்டிய தொகையாக நிற்காவிட்டால் கேட்கவேண்டும் என்ற நினைவே வராது. ஆண்டு முழுவதற்கும் வரி வராது என்று உறுதியாகத் தெரிந்தால் படிவம் 15ஜி, அறுபது வயதானவர்கள் 15எச் கொடுத்துப் பிடித்தத்தையே தவிர்க்கலாம். அதை வங்கியில் கொடுத்துவிட்டுச் சிலர் காத்திருக்கிறார்கள். டிவிடெண்டுக்கான படிவம் போகவேண்டிய இடம் அந்தந்த நிறுவனத்தின் பங்குப் பதிவாளர்.

டிவிடெண்ட் வந்த தேதியைக் குறித்து வைப்பதற்கும் காரணம் இருக்கிறது. வரிப் படிவத்தில் டிவிடெண்டை ஐந்து காலப் பகுதிகளாகப் பிரித்துக் கேட்கிறார்கள்: ஜூன் 15 வரை, செப்டம்பர் 15 வரை, டிசம்பர் 15 வரை, மார்ச் 15 வரை, மீதமுள்ள மார்ச் நாள்கள். முன்கூட்டி வரி கட்டவேண்டியவர், இன்னும் வராத டிவிடெண்டுக்கு வரி கட்டவில்லை என்று வட்டி விதிக்கப்படாமல் இருக்கவே இந்தப் பிரிவு. மேலே சொன்ன கணக்கில் 7,500 ரூபாய் இரண்டாம் பகுதிக்கும் 12,500 ரூபாய் நான்காம் பகுதிக்கும் போக வேண்டும். பிடித்தம் முழுவதும் ஜனவரியில் நடந்ததைப் பார்த்துவிட்டு 20,000 ரூபாயையும் ஜனவரியில் போட்டால் தவறு. பேரேட்டில் இரண்டு தனிப் பதிவுகள் இருந்தால் இந்தக் குழப்பமே வராது.

பங்கு யாருடையது என்பதைப் பொறுத்துப் பதிவில் சிறு மாற்றங்கள் உண்டு. தனிநபர் கடை நடத்துகிறார், அவருடைய சொந்தப் பங்குகளின் டிவிடெண்ட் கடையின் வங்கிக் கணக்கில் விழுகிறது என்றால், அது கடையின் விற்பனை வருமானத்தோடு சேரக் கூடாது. வங்கிக்கு 10,500 பற்று, எடுப்புகள் கணக்குக்கு 2,000 பற்று, முதல் கணக்குக்கு 12,500 வரவு என்று எழுதினால் போதும். வரி என்பது உரிமையாளரின் சொந்தப் பொறுப்பு, கடையின் செலவு அல்ல என்பதால்தான் 2,000 ரூபாய் எடுப்பாகிறது. பிடித்த வரியைக் கடையின் செலவாக இலாப நட்டக் கணக்கில் எழுதுவதும் பார்க்கக் கிடைக்கிறது. அது நிகரத் தொகையை எழுதும் அதே பிழைதான், வேறு வேடத்தில்.

பங்கு வைத்திருப்பது ஒரு நிறுவனம் என்றால் 10,000 ரூபாய் வரம்பு கிடையாது. சிறு தொகையிலும் பிடித்தம் உண்டு. அங்கே பணம் வரும்வரை காத்திருக்கவும் கூடாது. டிவிடெண்டைப் பெறும் உரிமை உறுதியான நாளிலேயே வருமானத்தை எழுத வேண்டும் என்பது கணக்கியல் தரநிலை. இறுதி டிவிடெண்டுக்கு அந்த நாள் பொதுக்கூட்டம் ஒப்புதல் தரும் நாள். அன்று பெறவேண்டிய டிவிடெண்டுக்கு மொத்தத் தொகையில் பற்று, டிவிடெண்ட் வருமானத்துக்கு வரவு. அறிவித்த முப்பது நாளுக்குள் டிவிடெண்டை வழங்க வேண்டும் என்று நிறுவனங்கள் சட்டம் சொல்வதால் பணம் விரைவில் வந்துவிடும். அப்போது வங்கிக்கும் பெறவேண்டிய டிடிஎஸ்-க்கும் பற்று வைத்து, பெறவேண்டிய டிவிடெண்டை முடித்துவிட வேண்டும். இப்படி இரண்டு படியாக எழுதும்போது பிழைக்கு இடம் குறைவு. முதல் படியில் வங்கியே இல்லாததால் நிகரத் தொகை கண்ணில் படுவதே இல்லை.

மார்ச் கடைசியில் அறிவிக்கப்பட்டு ஏப்ரலில் கைக்கு வரும் டிவிடெண்டில் ஆண்டுக் குழப்பம் எழும். வருமான வரிச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இதற்கு விதி சொல்கிறது. இறுதி டிவிடெண்ட், அறிவித்த ஆண்டின் வருமானம். இடைக்கால டிவிடெண்ட், நிபந்தனையின்றிப் பங்குதாரர் எடுத்துக்கொள்ளும் நிலைக்கு வந்த ஆண்டின் வருமானம். நிறுவனத்தின் இயக்குநர் குழு மார்ச்சில் தீர்மானித்தது மட்டும் போதாது. பிடித்த வரிக்கான வரவு எந்த ஆண்டில் கிடைக்கும்? வருமானம் எந்த ஆண்டில் வரிக்கு உட்படுகிறதோ அதே ஆண்டில். பிடித்தம் ஓராண்டிலும் வருமானம் அடுத்த ஆண்டிலுமாக அமைந்தால், வரிப் படிவத்தில் அந்த டிடிஎஸ்-ஐ அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல இடம் இருக்கிறது. வருமானத்தையும் அதன் வரியையும் பிரித்துவிடாமல் ஒரே ஆண்டில் வைத்திருக்க வேண்டும்.

ஆண்டு முடிவில் டிவிடெண்ட் வருமானம் இலாப நட்டக் கணக்குக்கோ தனிநபரின் முதல் கணக்குக்கோ போய் முடிந்துவிடும். பெறவேண்டிய டிடிஎஸ் அப்படி முடியாது. அது சொத்து என்பதால் இருப்புநிலைக் குறிப்பில் நின்று அடுத்த ஆண்டுக்கு வருகிறது. மார்ச் 31 அன்று அதன் மீதி, அந்த ஆண்டுக்கான 26ஏஎஸ்-இல் உள்ள பிடித்தங்களின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். சமமாக இல்லையென்றால் ஏதோ ஒரு டிவிடெண்ட் நிகரமாக எழுதப்பட்டிருக்கிறது, அல்லது ஒரு நிறுவனம் அறிக்கையில் தவறிவிட்டது. எது என்று கண்டுபிடிக்க நிறுவனம் நிறுவனமாக ஒப்பிட்டாலே போதும்.

வரிப் படிவம் தாக்கலாகி, துறை கணக்கை ஏற்றுக்கொண்டதும் இந்தக் கணக்கை மூடலாம். வரி கட்டவேண்டியவராக இருந்தால் அவருக்கான வருமான வரிக் கணக்கில் 4,160 பற்று வைத்து, பெறவேண்டிய டிடிஎஸ்-க்கு 2,000மும் வங்கிக்கு 2,160மும் வரவு வைக்க வேண்டும். வரி இல்லாதவருக்கு 2,000 ரூபாய் வங்கிக்குத் திரும்பி வரும்: வங்கிக்குப் பற்று, பெறவேண்டிய டிடிஎஸ்-க்கு வரவு. அந்தத் தொகையோடு சில நேரம் சிறு வட்டியும் சேர்ந்து வரும். 2,000க்குப் பதில் 2,060 வந்தால் கூடுதல் 60 ரூபாய் அந்த ஆண்டின் புது வருமானம். தனியாக எழுத வேண்டும். திரும்பி வந்த 2,000 ரூபாயை மறுபடி வருமானமாக எழுதக் கூடாது. ஜனவரியில் 12,500 என்று எழுதியபோதே அது வருமானத்தில் சேர்ந்துவிட்டது.